இன்ஹேலர் எங்கே இருக்கிறது? ஒரு தமிழ்ப்பள்ளிக்குக் குழந்தை மருத்துவரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், அலுவலக ஊழியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும்,

வணக்கம். உங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டில் படிக்கும் ஒரு மாணவனின் ஆஸ்துமாவைப் பற்றி எழுதுகிறேன். பையனின் பெயரையும் பள்ளியின் பெயரையும் விட்டுவிட்டேன். உங்களுக்குத் தனியாக வந்திருக்கும் பிரதியில் பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் கையெழுத்து, என் கையெழுத்து எல்லாம் இருக்கின்றன. பெற்றோரின் சம்மதத்தோடுதான் இதைப் பொதுவில் வைக்கிறேன். பினாங்கில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இல்லாத பள்ளியை நான் இன்னும் கண்டதில்லை. மற்றப் பள்ளிகளும் இதை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மருந்தின் அளவை மட்டும் அந்தந்தப் பிள்ளையின் மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வழக்கமாக மருத்துவர் பள்ளிக்குக் கொடுக்கும் கடிதம் நான்கு வரிதான். "இம்மாணவருக்கு ஆஸ்துமா உண்டு. தூசி, புகை, கடும் விளையாட்டு ஆகியவற்றைத் தவிர்க்கவும்." இப்படி நானும் எழுதியிருக்கிறேன். இந்தப் பையனுக்கே ஈராண்டுக்கு முன் எழுதினேன். அந்தக் கடிதம் உங்கள் கோப்பில் பத்திரமாக இருந்தது. ஜூலை மாதம் அந்தப் புதன்கிழமை அது எதற்கும் உதவவில்லை. ஆகையால் குறையில் பாதி என்னுடையது என்று ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன்.

அன்று நடந்ததை அவனிடமும், அவன் அம்மாவிடமும், உங்கள் ஆசிரியர்கள் இருவரிடமும் கேட்டுத் தொகுத்தேன். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல. ஆஸ்துமா ஒரு பள்ளி நாளில் எப்படி ஊர்ந்து வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமையே அவனுக்குச் சளி பிடித்திருந்தது. மூக்கு ஒழுகல், லேசான இருமல், காய்ச்சல் இல்லை. அம்மா பள்ளிக்கு அனுப்பினார். நானாக இருந்தாலும் அனுப்பியிருப்பேன். புதன்கிழமை காலை வானம் சற்று மங்கியிருந்தது. சுமத்ராவிலிருந்து புகை வரும் பருவம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தொடவில்லை. ஆகவே திடலில் உடற்கல்வி வழக்கம்போல் நடந்தது. குறுக்கோட்டப் பயிற்சி. 8:10 முதல் 8:40 வரை ஓடினான், நன்றாகவே ஓடினான், மூன்றாவதாக வந்தான். இதைப் பெருமையோடு எனக்கு வார்டில் சொன்னான், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு.

8:50-க்கு மலாய்மொழி வகுப்பில் இருமல் தொடங்கியது. ஆசிரியர் தண்ணீர் குடித்து வரச் சொன்னார். திரும்பி வந்தும் இருமினான். "ஓடும்போது நன்றாகத்தானே இருந்தாய்?" என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. பக்கத்து மேசைப் பையன் தைலம் கொடுத்தான், நெஞ்சில் தேய்த்துக்கொண்டான். 9:20-க்கு மேசையில் தலை சாய்த்தான். தூங்குகிறான் என்று நினைத்தார்கள். 9:40-க்கு நண்பன் ஒருவன் அலுவலகத்துக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போனான். இரண்டு மாடிப் படிகள் இறங்கி. இன்ஹேலர் முதலுதவி அலமாரியில் இருந்தது. அலமாரி பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த ஆசிரியர் வெளியே கூட்டத்துக்குப் போயிருந்தார். அம்மாவுக்குத் தொலைபேசி செய்தார்கள். அவர் வேலை செய்யும் தொழிற்சாலையில் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்பா லாரியோடு தைப்பிங் பக்கம் இருந்தார். மாற்றுச் சாவி கிடைத்தபோது 10:15. இன்ஹேலரை வாயில் வைத்து இரண்டு முறை அடித்தார்கள். மருந்தை நெஞ்சுக்குள் கொண்டுசேர்க்க உதவும் ஸ்பேசர் குழாய் இல்லை. 10:45-க்கு ஓர் ஆசிரியர் தம் காரில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இரத்தத்தில் ஆக்சிஜன் 89 விழுக்காடு. மூன்று முறை நெபுலைசர், ஸ்டீராய்டு மருந்து, இரண்டு இரவு வார்டில்.

அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் 8:50-க்கும் 10:15-க்கும் இடையே இருந்த 85 நிமிடங்களைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில், ஓடும்போது நன்றாக இருந்தவன் உட்கார்ந்த பிறகு ஏன் இருமினான் என்பது. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் எப்போதும் கொஞ்சம் புண்பட்டதுபோல் வீங்கியே இருக்கும். வேகமாக ஓடும்போது வாய்வழியாகக் காற்று நிறைய உள்ளே போய் அந்தச் சுவரின் ஈரத்தை உலர்த்துகிறது. உலர்ந்த சுவரிலிருந்து சில வேதிப்பொருள்கள் சுரக்கின்றன. அவை குழாயைச் சுற்றியுள்ள தசையைச் சுருங்க வைக்கின்றன. இந்தச் சுருக்கம் பெரும்பாலும் ஓட்டம் நின்று ஐந்து பத்து நிமிடம் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும். உடற்கல்வி ஆசிரியர் கண்ணில் படுவது ஓடும் பையன். இருமும் பையன் அடுத்த வகுப்பாசிரியரிடம் போய்ச் சேருகிறான். இருவரும் பேசிக்கொள்ளாவிட்டால் ஒருவருக்கு "ஒன்றுமில்லை", மற்றவருக்கு "நடிக்கிறான்". ஆகவே உடற்கல்வி முடிந்த அடுத்த பாடவேளையில் யார் பாடம் எடுக்கிறாரோ அவர் கண்ணில்தான் இந்தப் பையன் முதலில் படுவான் என்பதை மனத்தில் வையுங்கள். சீட்டி அடிப்பதுபோன்ற இழுப்புச் சத்தம் கேட்டால்தான் ஆஸ்துமா என்று பலர் நினைக்கிறார்கள். இவனுக்குப் பெரும்பாலும் சத்தமே வருவதில்லை. வறட்டு இருமல், விடாமல் வரும் இருமல். அதுதான் இவனுடைய முதல் மணியோசை.

அன்று மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தன: சளி, ஓட்டம், புகை. இவற்றில் பெரியது சளி. பெற்றோர்கள் ஐஸ்கிரீமைச் சொல்வார்கள், பாட்டிமார் வாழைப்பழத்தைச் சொல்வார்கள். ஆனால் பள்ளி வயதுப் பிள்ளைக்குக் கடுமையான ஆஸ்துமா வருவதற்கு மிகப் பொதுவான காரணம் சாதாரணச் சளி வைரஸ்தான். மூக்கு ஒழுகும் வாரத்தில் இவன் மூச்சுக்குழாய் மற்ற நாள்களைவிடப் பல மடங்கு எளிதாகச் சுருங்கும். அந்த வாரத்தில் அவனைப் போட்டி வேகத்தில் ஓடவிட வேண்டாம். நடக்கட்டும், பந்து எறியட்டும்.

புகைமூட்டத்தைப் பற்றி ஒரு சொல். குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளி நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும், 200-ஐத் தாண்டினால் பள்ளியை மூட வேண்டும் என்ற கல்வி அமைச்சின் விதி உங்களுக்குத் தெரியும். 2019 செப்டம்பரில் பினாங்குப் பள்ளிகளே மூடிக் கிடந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த விதி எல்லாப் பிள்ளைகளுக்குமான விதி. இவனுடைய நுரையீரல் 100 வரை காத்திருப்பதில்லை. மேலும், புகையின் நுண்துகளைக் கொண்டு கணக்கிடும்போது அந்த எண் கடந்த 24 மணி நேரச் சராசரியைச் சொல்கிறது. காலையில் காற்று திடீரென மோசமானால் எண் மெதுவாகத்தான் ஏறும். ஆகையால் எண்ணோடு கண்ணையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். பள்ளி வாசலில் நின்றால் வழக்கமாகத் தெரியும் பினாங்குக் கொடிமலை தெரியவில்லை, தொண்டை கரகரக்கிறது என்றால் அன்று இவனுக்கு உள்ளரங்கு வேலை கொடுங்கள்.

மற்றத் தூண்டிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தோல் பரிசோதனையில் இவனுக்கு வீட்டுத் தூசிப் பூச்சிக்கு ஒவ்வாமை என்று தெரிந்தது. வகுப்பு மூலையில் இருக்கும் வாசிப்பு மெத்தையும் பழைய கம்பளமும் அந்தப் பூச்சியின் அரண்மனை. அவன் நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கட்டும். துப்புரவு முறை வரும்போது துடைப்பத்தைக் கொடுக்காமல் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கொசுப் புகை அடிக்கும் நாளில் புகை அடங்கும்வரை அவனை அப்பகுதிக்கு அனுப்பாதீர்கள். சரஸ்வதி பூசையிலும் பொங்கல் விழாவிலும் அவன் கலந்துகொள்ளட்டும், ஆனால் சாம்பிராணிச் சட்டிக்கு எதிர்ப்பக்கம், காற்று வரும் திசையில் நிற்கட்டும். சிற்றுண்டிச்சாலைப் பூனையைத் துரத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இவனுக்குப் பூனை ஒவ்வாமை எதுவும் இல்லை, அதை விட்டுவிடுங்கள்.

உணவில் இவனுக்கு எந்தத் தடையும் கிடையாது. குளிர்ந்த பானம் குடித்தால் ஆஸ்துமா வந்துவிடும் என்று சொல்லி அவன் கையிலிருந்த மைலோவைப் பிடுங்க வேண்டாம்.

இனி இன்ஹேலர்.

இவனுக்கு இரண்டு இன்ஹேலர் உண்டு. ஒன்று வீட்டில் காலையும் இரவும் எடுப்பது. வீக்கத்தை நாள்போக்கில் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்து. அது பள்ளிக்கு வராது, மூச்சுத்திணறும் நேரத்தில் அதனால் பயனும் இல்லை. பள்ளிக்கு வருவது நீல நிறத்தது. சல்பியூட்டமால், ஓர் அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். சுருங்கிய தசையைத் தளர்த்தும். சில நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்கி ஏறக்குறைய நான்கு மணி நேரம் தாங்கும்.

இந்த நீல இன்ஹேலர் இனி அலமாரியில் இருக்காது. அவன் புத்தகப்பையின் முன்பக்கச் சிறு அறையில், ஸ்பேசரோடு, ஒரு துணிப்பைக்குள் இருக்கும். பையனோடு அந்தத் துணிப்பையும் போகும்: திடலுக்கு, கணினிக் கூடத்துக்கு, சபைகூடலுக்கு, சுற்றுலாப் பஸ்ஸுக்கு. இரண்டாவது ஒரு செட்டைப் பெற்றோர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பூட்டாத இழுப்பறையில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். "மருந்து என்றால் பூட்டித்தான் வைக்க வேண்டும், வேறு பிள்ளை எடுத்து அடித்துக்கொண்டால்?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். ஆஸ்துமா இல்லாத பிள்ளை விளையாட்டாக இரண்டு அழுத்து இழுத்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு 35 நிமிடம் சாவி கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம். இரண்டையும் தராசில் வைத்தால் தட்டு எந்தப் பக்கம் சாயும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்று 10:15-க்கு அடித்த இரண்டு அழுத்தும் ஏன் பலிக்கவில்லை? மூன்று காரணம். ஒன்று, அந்த இன்ஹேலர் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தது. ஐந்து நாளுக்கு மேல் பயன்படுத்தாமல் இருந்தால் முதல் அழுத்தில் மருந்து சரியான அளவில் வராது. குலுக்கி, காற்றில் இரண்டு முறை வீணாக அடித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இரண்டு, ஸ்பேசர் இல்லாமல் அடித்ததால் மருந்தின் பெரும்பகுதி அவன் நாக்கிலும் தொண்டையிலும் மோதி அங்கேயே தங்கிவிட்டது. மூச்சுத்திணறும் பத்து வயதுப் பையனால், அழுத்தும் அதே நொடியில் மெதுவாக ஆழ்ந்து இழுக்க முடியாது. நன்றாக இருக்கும்போதே பெரியவர்கள் பலரால் முடிவதில்லை. மூன்று, அந்த நிலையில் இரண்டு அழுத்து போதாது.

ஸ்பேசர் என்பது ஒரு பிளாஸ்டிக் குழாய், கையளவு. ஒரு முனையில் இன்ஹேலரைச் செருகலாம், மறுமுனை வாய்க்கு. மருந்து அந்தக் குழாய்க்குள் மேகமாக நிற்கும். பிள்ளை தன் வேகத்தில் மூச்சு விட்டு மூச்சு இழுத்து அதை உள்ளே கொண்டுபோகலாம். வாய்ப்பக்கம் ஒரு சிறு தடுக்கிதழ் இருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் அது 'டிக்' என்று அசையும். அசைந்தால் மருந்து போகிறது. அசையாவிட்டால் உதட்டைச் சரியாக மூடவில்லை, அல்லது மூக்கால் இழுக்கிறான்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அவனை நிமிர்ந்து உட்கார வையுங்கள். இன்ஹேலரின் மூடியைக் கழற்றி வாய்ப்பகுதிக்குள் ஒருமுறை பாருங்கள். பைக்குள் கிடந்த பொருள், காகிதத் துண்டோ பென்சில் சீவலோ உள்ளே போயிருக்கலாம். குலுக்கி, ஸ்பேசரில் செருகி, அவன் உதட்டால் இறுக்கிப் பிடித்த பிறகு ஒரே ஒரு முறை அழுத்துங்கள். ஐந்து முறை சாதாரணமாக மூச்சு இழுத்து விடட்டும். எண்ணிச் சொல்லுங்கள், உங்கள் குரல் நிதானமாக இருந்தால் அவன் மூச்சும் கொஞ்சம் நிதானத்துக்கு வரும். பிறகு மறுபடி குலுக்கி இரண்டாவது அழுத்து. அவசரத்தில் எல்லா அழுத்தையும் ஒரேயடியாக ஸ்பேசருக்குள் அடித்துவிடத் தோன்றும். அப்படி அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அவனுக்குப் போவது குறையும்.

ஸ்பேசரை மாதம் ஒருமுறை பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசி, துடைக்காமல், தானாக உலரவிட வேண்டும். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தைச் சுவர் இழுத்துக்கொள்ளும். இதை அம்மா செய்கிறார். பள்ளியில் வைத்திருக்கும் ஸ்பேசரைப் பளபளவென்று துடைத்து வைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் அலுவலகத்தின் சுத்தத்தைப் பார்த்ததால் வந்த பயம்.

இன்னொரு சிக்கல், டப்பாவில் மருந்து இருக்கிறதா என்று எப்படி அறிவது? குலுக்கினால் சத்தம் வரும், அழுத்தினால் புகை வரும், ஆனால் மருந்து இருக்காது. 200 அழுத்து முடிந்த பிறகும் உள்ளிருக்கும் வாயு மட்டும் வந்துகொண்டேயிருக்கும். பல இன்ஹேலர்களில் எண்காட்டி கிடையாது. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய வித்தையும் நம்பத்தக்கதல்ல. ஆகவே துணிப்பைக்குள் ஒரு சிறு நோட்டுப்புத்தகம் வைத்திருக்கிறோம். எப்போது, ஏன், எத்தனை அழுத்து என்று ஒரே வரி. காற்றில் வீணாக அடித்ததையும் சேர்த்து. அந்த நோட்டு எனக்கும் தேவை: விளையாட்டுக்கு முன் எடுப்பதைத் தவிர, வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நீல இன்ஹேலர் தேவைப்பட்டால் வீட்டு மருந்து போதவில்லை என்று பொருள். அதை நான் மாற்ற வேண்டும். நீங்கள் எழுதாவிட்டால் எனக்குத் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து "நன்றாக இருக்கிறேன் டாக்டர்" என்று சிரித்துவிட்டுப் போவான்.

உடற்கல்விக்கு 15 நிமிடம் முன்பு இரண்டு அழுத்து எடுத்துக்கொள்வான். அவனாகவே எடுப்பான், ஆசிரியர் "எடுத்தாயா?" என்று கேட்டால் போதும், அதையும் வரிசையில் எல்லார் முன்னாலும் கேட்க வேண்டாம். பிறகு பத்து நிமிடம் மெதுவாக உடலைச் சூடாக்கிவிட்டு ஓடட்டும். ஈராண்டுக்கு முன் "கடும் விளையாட்டைத் தவிர்க்கவும்" என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அதன் விளைவாக ஓராண்டு முழுக்க மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் தண்ணீர்ப் புட்டிகளைக் காவல் காத்ததாகச் சொன்னான். மூன்றாவதாக வரக்கூடிய பையன்.

இனி அந்த 85 நிமிடம் திரும்ப வந்தால் என்ன செய்வது.

அடங்காத இருமல், "நெஞ்சு இறுக்குகிறது" என்ற சொல், இழுப்புச் சத்தம், விளையாட்டை விட்டு ஒதுங்கிச் சும்மா உட்காருதல், இவற்றில் ஒன்று கண்டாலே தொடங்குங்கள். அவனை அலுவலகத்துக்கு நடத்திக்கொண்டு போகாதீர்கள். மருந்துதான் அவனிடம் வர வேண்டும். கழிவறைக்குத் தனியாக அனுப்பாதீர்கள். படுக்க வைக்காதீர்கள், நிமிர்ந்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, கைகளை மேசையில் ஊன்றி உட்கார்ந்தால் மூச்சு எளிதாகும். அன்று மேசையில் தலை சாய்த்தானே, அது தூக்கம் அல்ல, களைப்பு. தைலம் வேண்டாம், அந்தக் காரமான வாடையே இன்னும் கிளப்பிவிடலாம்.

நான்கு அழுத்து, ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் ஐந்து மூச்சு. பிறகு கடிகாரம் பார்த்து நான்கு நிமிடம் காத்திருங்கள். சரியாகவில்லையென்றால் மறுபடி நான்கு. அதன் பிறகும் தெளியவில்லையென்றால் 999. ஆம்புலன்ஸ் வரும்வரை நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு அழுத்து, நிறுத்தாமல். "அளவு மீறிவிடுமோ" என்ற பயம் அந்த நேரத்தில் வேண்டாம். மருத்துவமனையில் நாங்கள் நெபுலைசரில் ஒரு தடவைக்குக் கொடுப்பதே இந்த நான்கு அழுத்தைவிட அதிகம்.

பெற்றோரைத் தேடுவது வேறொருவர் வேலை. மருந்து கொடுப்பவர் தொலைபேசியைத் தொட வேண்டாம். அம்மாவின் அனுமதிக்காகவும் காத்திருக்க வேண்டாம். அவர் கையெழுத்திட்ட அனுமதி இந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே இருக்கிறது.

சரியாகிறானா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் கிளினிக்கில் செய்வதைச் சொல்கிறேன். "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்பேன். "அம்மா தோசை சுட்டுக் கொடுத்தாங்க, ரெண்டு சாப்பிட்டேன், தம்பி ஒண்ணுதான் சாப்பிட்டான்" என்று ஒரே மூச்சில் வந்தால் எனக்கு நிம்மதி. "தோசை... அம்மா... ரெண்டு..." என்று மூன்று மூச்சில் வந்தால் அது கடுமை. தலையை மட்டும் ஆட்டினால் நான் அடுத்த கேள்வி கேட்க மாட்டேன். அன்று காலை 9:40-க்கு அவன் நண்பன்தான் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னானாம். அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை.

பேச முடியவில்லை, மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்வாங்குகிறது, மூக்குத் துளைகள் விரிகின்றன, மந்தமாகிறான், இவற்றில் எதைக் கண்டாலும் எட்டு நிமிடக் கணக்கெல்லாம் வேண்டாம். உடனே 999, கூடவே மருந்து. பள்ளிச் சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். சட்டைக்கு மேலிருந்து விலா தெரியாது. புத்தகங்களில் உதடு நீலமாகும் என்று போட்டிருக்கும். நம் பிள்ளைகளின் நிறத்தில் வெளி உதட்டில் அது எளிதில் தெரியாது. சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். உதட்டின் உட்பக்கத்தையும் நாக்கையும் பாருங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் கருத்த தோலில் அது உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும், நகச்சாயம் இருந்தாலோ விரல் குளிர்ந்திருந்தாலோ தடுமாறும். எண் நன்றாக இருந்து பையன் மோசமாகத் தெரிந்தால், பையனை நம்புங்கள்.

எல்லாவற்றிலும் ஏமாற்றக்கூடியது அமைதி. இழுப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்து திடீரென நின்றால் இரண்டு பொருள் இருக்கலாம். முகம் தெளிந்து, பேச்சு வந்து, சத்தம் நின்றால் குணம். முகம் சோர்ந்து, பேச்சு நின்று, சத்தமும் நின்றால் சீட்டியடிக்கும் அளவுக்குக் கூடக் காற்று போகவில்லை என்று பொருள். பயிற்சி மருத்துவர்களே இதில் ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன்.

999-இல் மலாயில் பேசுவார்கள். பதற்றத்தில் சொல் வராது என்பதால் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்: "புடாக் அஸ்மா, செசாக் நாஃபாஸ், தாக் போலே ச்சாகாப்". பிறகு பள்ளியின் முழு முகவரி, எந்த வாசல் திறந்திருக்கிறது என்பது. வாசலில் ஒருவர் நிற்கட்டும். பாலத்தில் நெரிசல், ஆம்புலன்ஸ் தாமதம் என்று சொன்னால் காரில் கொண்டுபோகலாம். ஆனால் ஓட்டுபவர் ஒருவர், பின்னிருக்கையில் ஸ்பேசரோடு ஒருவர். அன்று காரில் ஓட்டுநர் மட்டுமே இருந்தார். வழியில் அவன் மயங்கியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று அவரே என்னிடம் கேட்டார்.

சரியாகிவிட்டால்? நல்லது, வகுப்புக்குப் போகட்டும். கை கொஞ்சம் நடுங்கும், எழுத்து கோணும், துறுதுறுவென்று இருப்பான்; மருந்தின் வேலை அது, ஒரு மணி நேரத்தில் அடங்கும். அன்றைய எழுத்துப் பயிற்சியைத் திரும்ப எழுதச் சொல்லாதீர்கள். ஆனால் மருந்து நான்கு மணி நேரம்தான் தாங்கும். 9 மணிக்குக் கொடுத்தது 1 மணிக்கு வடியும். அப்போது அவன் பள்ளி வேனில், பின்வரிசையில், ஜன்னல் மூடிய குளிர்சாதனத்தில் இருப்பான். ஆகவே அன்றே பெற்றோருக்குச் சொல்லுங்கள், வேன் ஓட்டுநருக்கும் சொல்லுங்கள். நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி தேவைப்பட்டால் வகுப்பு முடியும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் வர வேண்டும்.

ஒரு வேண்டுகோள் மிச்சம். உங்களில் ஒருவர், அன்பினால்தான், அவனிடம் "இதையே அடித்துக்கொண்டிருந்தால் பழகிவிடும், கொஞ்சம் தாங்கிக்கொள்" என்று சொல்லியிருக்கிறார். அவன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். 8:50-க்குக் கேட்டிருக்க வேண்டிய இன்ஹேலரை 9:40 வரை கேட்காததற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம் என்று என்னிடம் சொன்னான். இந்த மருந்துக்கு யாரும் அடிமையாவதில்லை. அடிக்கடி தேவைப்படுவது நோய் கட்டுக்குள் இல்லை என்பதன் அடையாளம். அதைச் சரிசெய்வது என் வேலை, தாங்கிக்கொள்வது அவன் வேலை அல்ல.

வரும் வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் ஆசிரியர் அறைக்கு வருகிறேன். மருந்தில்லாத பயிற்சி இன்ஹேலர் ஆறும் ஸ்பேசர் ஆறும் கொண்டுவருவேன். அரை மணி நேரம் போதும். அலுவலக உதவியாளரும், சிற்றுண்டிச்சாலை நடத்தும் அக்காவும், வாசல் காவலரும், வேன் ஓட்டுநரும் வரட்டும். அவனையும் அழைத்திருக்கிறேன், எப்படிப் பிடிப்பது என்று உங்களுக்கு அவன்தான் காட்டப்போகிறான்.

அன்புடன்,
அவனுடைய குழந்தை மருத்துவர்
ஜார்ஜ்டவுன், பினாங்கு